தீயணைப்பான் அட்டவணையைத் தமிழாக்கும்போது: கஞ்சிக்கோட்டுப் பட்டறை ஒன்றை வைத்துச் சில கேள்விகள்

எங்களுடையது பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு அலுமினியப் பட்டறை. ஆட்கள் பெரும்பாலும் வாளையார், வேலந்தாவளம் பக்கத்துத் தமிழர்கள். எந்தத் தீக்கு எந்தத் தீயணைப்பான் என்று சொல்கிற நல்ல ஆங்கில அட்டவணை ஒன்று நெட்டில் கிடைத்திருக்கிறது. அதையே தமிழில் போட்டு ஒட்டினால் போதாதா?

அது எந்த நாட்டு அட்டவணை என்று முதலில் பாருங்கள். தேடினால் மேலே வந்து நிற்பது பெரும்பாலும் அமெரிக்க அட்டவணை. தீயை எரிகிற பொருளை வைத்து வகுப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து கொடுத்திருப்பார்கள். அதில் ஏ என்றால் மரம், காகிதம், துணி. பி என்றால் எரியும் திரவமும் வாயுவும் சேர்த்து. சி என்றால் மின்சாரம். டி என்றால் உலோகம். கே என்றால் சமையல் எண்ணெய்.

நம் நாட்டுத் தீயணைப்புச் சிலிண்டர்கள் ஐஎஸ் 15683 என்ற தரத்தில் வருகின்றன. இங்கே ஏ, பி, டி ஏறக்குறைய அதேதான். ஆனால் வாயுவுக்குத் தனியாக சி, சமையல் எண்ணெய்க்கு எஃப். மின்சாரத்துக்கு எழுத்தே கிடையாது. ஆக, நீங்கள் கச்சிதமாக மொழிபெயர்த்தாலும் சுவரில் இருக்கிற தாள் ஒன்று சொல்லும், அதன் கீழே தொங்குகிற சிலிண்டர் வேறொன்று சொல்லும்.

இதனால் என்ன வந்துவிடும் என்று தோன்றலாம். உலைக்குப் போகிற எல்பிஜி குழாயில் இணைப்பு விட்டுப்போய்த் தீப்பிடிக்கிறது என்று வையுங்கள். தாளில் ‘பி: எரியும் திரவம், வாயு’ என்று இருக்கிறது. பக்கத்து நுரைச் சிலிண்டரில் ‘ஏ பி’ என்று அச்சடித்திருக்கிறது. படித்தவர் அதைத்தான் தூக்குவார். நுரை வேலை செய்வது தேங்கி நிற்கிற திரவத்தின் மேல் போர்வை போலப் படர்ந்து. பீறிட்டு வருகிற வாயுவின் மேல் அது படரவே படராது. அவர் தாளில் இருந்தபடிதான் செய்தார், தாள்தான் வேறு ஊருக்கானது.

எனவே மூலம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த ஆங்கிலத் தாளை அல்ல, உங்கள் சுவரில் தொங்குகிற சிலிண்டரின் லேபிளை. பட்டறையை ஒரு சுற்று சுற்றி ஒவ்வொரு லேபிளையும் போனில் படம் எடுங்கள். மொழிபெயர்ப்பு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இன்னொன்று: இந்தப் பக்கத்தில் ஓட்டமாகப் படிப்பதற்காக ஏ, பி, சி என்று எழுதுகிறேன். உங்கள் அட்டவணையில் சிலிண்டரில் இருக்கிற ஆங்கில எழுத்தையே, அதே வடிவத்தில் பெரிதாகப் போடுங்கள். ஆள் அதைப் படிக்கப் போவதில்லை, பொருத்திப் பார்க்கப் போகிறார்.

கரண்ட் தீக்கு எழுத்தே இல்லை என்றால் அதை அட்டவணையில் எங்கே எழுதுவது?

தனி வரியாக, மின்னல் குறி போட்டு எழுதுங்கள். எழுத்து இல்லாததற்குக் காரணம் இருக்கிறது. கரண்ட் எரிவதில்லை. வயரின் உறை, பேனல் உள்ளே இருக்கிற பிளாஸ்டிக், மோட்டாரில் இருக்கிற வார்னிஷ், இவைதான் எரிகின்றன. சப்ளையை நிறுத்திவிட்டால் அது சாதாரண ஏ வகுப்புத் தீ. நிறுத்தாதவரை அணைக்கிறவருக்கு ஷாக் அடிக்கும். ஆகவே கேள்வி எந்த வகுப்பு என்பது அல்ல, கையில் இருக்கிற சிலிண்டரை கரண்ட் இருக்கும் இடத்தில் அடிக்கலாமா என்பதுதான். அதை லேபிளில் தனி வாசகமாகவோ படமாகவோ போட்டிருப்பார்கள். சி என்ற எழுத்தைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது.

தமிழில் நான் எழுதுவது இப்படி: ‘முதலில் மெயினை ஆஃப் செய்யுங்கள். பிறகு சிஓடூ.’ பேனலில் ஏபிசி பவுடரும் தீயை அணைக்கும். ஆனால் அந்தத் தூள் ஈரம் பட்டால் காண்டாக்டர், கார்டு எல்லாவற்றையும் அரிக்கும். அதனால் சிஓடூ பக்கத்தில் இல்லாதபோதுதான் அது. டிரைவ், யூபிஎஸ் போன்றவற்றில் மெயினை ஆஃப் செய்த பிறகும் கொஞ்ச நேரம் கரண்ட் தேங்கி நிற்கும். ஆகவே ஆஃப் செய்தாயிற்று என்று தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது.

ஆங்கிலத்தில் சப்ளை இருக்கும் சாதனத்தைக் குறிக்கிற சொல்லுக்கு ‘நேரடி மின்சாதனம்’ என்று போட்ட அட்டவணைகள் சுற்றுகின்றன. எந்த எலக்ட்ரீஷியனுக்கும் அது புரியாது. ‘கரண்ட் இருக்கிற பேனல்’ என்று எழுதுங்கள்.

‘ட்ரை கெமிக்கல்’, ‘ட்ரை பவுடர்’ என்று இரண்டு இருக்கிறது. இரண்டுக்கும் ‘உலர் தூள்’ என்று போடலாமா?

உங்கள் பட்டறைக்கு இதுதான் ஆகப் பெரிய பொறி.

அமெரிக்க வழக்கில் ட்ரை கெமிக்கல் என்பது நாம் எங்கும் பார்க்கிற ஏபிசி வகை. ட்ரை பவுடர் என்பது உலோகத் தீக்கு மட்டுமான வேறு பொருள். இங்கேயும் இங்கிலாந்திலும் ஏபிசி சிலிண்டரையே ட்ரை பவுடர், டிசிபி என்றெல்லாம் சொல்கிறார்கள். இரண்டுக்கும் உலர் தூள் என்று போட்டால், ‘உலோகத் தீ: உலர் தூள்’ என்ற வரியைப் படித்தவர் நேராக ஏபிசி சிலிண்டரைத்தான் எடுப்பார். அவருக்குத் தெரிந்த ஒரே தூள் அது.

உங்கள் இடத்தில் அலுமினிய வார்ப்பைத் தேய்க்கிற, பாலிஷ் போடுகிற மெஷினுக்கு அடியில் மாவு மாதிரித் தூள் சேரும். லேத்தில் விழுகிற தடித்த சுருள் சுலபத்தில் பற்றாது. இந்த மாவுதான் பற்றும். பற்றினால் தொடக்கத்தில் பெரிய சுவாலைகூட இருக்காது, வெள்ளையாகக் கண் கூசுகிற மாதிரி கனன்றுகொண்டிருக்கும். அதன் மேல் ஏபிசியை அழுத்தினால் வேகமாக வருகிற பீச்சு அந்த மாவைக் கிளப்பிவிடும். காற்றில் பறக்கிற அலுமினியத் தூளும் நெருப்பும் சேர்ந்தால் ஒரே கணத்தில் பந்தாக வெடிக்கும். தண்ணீர் இன்னும் மோசம். சூடான உலோகம் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்துவிடும், அதுவும் சேர்ந்து எரியும். சிஓடூவும் இதற்கு உதவாது.

ஆகவே ஒன்றுக்கு ‘ஏபிசி பவுடர்’, இன்னொன்றுக்கு ‘உலோகத் தீ பவுடர்’ என்று இரண்டு பெயர் வையுங்கள். ‘உலர் தூள்’ என்ற சொல் அட்டவணையில் எங்கேயும் வரவேண்டாம். பயன்படுத்தும் முறையும் வேறு என்பதால் அதற்குத் தனிக் குறிப்பு வேண்டும். உலோகத் தீ பவுடரைப் பீச்சக்கூடாது. நீளக் குழாய் வழியாக மெதுவாகக் கொட்டி, எரிகிற குவியலை முழுக்க மூடிவிட்டு, ஆறும்வரை கிளறாமல் விட்டுவிட வேண்டும். ஆறிவிட்டதா என்று கம்பியால் நிமிண்டிப் பார்க்கிற ஆள் எல்லாப் பட்டறையிலும் ஒருவர் இருப்பார். ‘கிளறக்கூடாது’ என்பதை அவருக்காகவே எழுதுங்கள்.

அந்தப் பவுடர் இல்லாத இடங்களில் காய்ந்த மணல் வைப்பார்கள். சிறிய குவியலுக்கு அது சரி. ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூனில் தொடங்குகிற மழையில் வெளியே ஸ்டாண்டில் தொங்குகிற சிவப்பு வாளி மணல் எப்படி இருக்கும் என்று கையை விட்டுப் பாருங்கள். ஈர மணல் என்றால் தண்ணீர் ஊற்றின கதைதான். அட்டவணையில் ‘மணல்’ என்று மட்டும் போடாமல் ‘காய்ந்த மணல், மூடி போட்ட வாளி, பாலிஷ் மெஷின் பக்கம்’ என்று இடத்தோடு எழுதுங்கள்.

சரி, எங்கள் பட்டறைக்கு அட்டவணை எப்படி இருக்க வேண்டும்? ஒரு மாதிரி காட்டுங்களேன்.

வகுப்பு வரிசையில் போடாதீர்கள். ஆளுக்குத் தெரிவது தான் நிற்கிற இடம், வகுப்பு அல்ல. இடத்தை முதலில் வைத்து, எழுத்தைக் கடைசியில் வையுங்கள். நீங்கள் சொன்ன மாதிரிப் பட்டறைக்கு நான் எழுதினால் இப்படி வரும்:

பாலிஷ் மெஷின், அலுமினியத் தூள்: உலோகத் தீ பவுடர் அல்லது காய்ந்த மணல். கூடாது: தண்ணீர், நுரை, சிஓடூ, ஏபிசி பவுடர். (டி)

பெயின்ட் அறை, தின்னர், டீசல்: நுரை அல்லது ஏபிசி பவுடர். கூடாது: தண்ணீர். (பி)

கேஸ் குழாய், வெல்டிங் கேஸ்: முதலில் வால்வை மூடுங்கள். பிறகு ஏபிசி பவுடர். வால்வை மூட முடியாவிட்டால் அணைக்காமல் வெளியேறுங்கள். (சி)

பேனல், மோட்டார்: முதலில் மெயின் ஆஃப். பிறகு சிஓடூ. கூடாது: தண்ணீர், நுரை. (மின்னல் குறி)

பேக்கிங், அட்டைப்பெட்டி, பனியன் வேஸ்ட்: தண்ணீர், நுரை அல்லது ஏபிசி பவுடர். (ஏ)

கேன்டீன் எண்ணெய்ச் சட்டி: அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள், அல்லது கே டைப் சிலிண்டர். கூடாது: தண்ணீர். (எஃப்)

கேஸ் வரியில் ‘அணைக்காமல்’ என்பதைப் பார்த்து மேனேஜர்கள் துணுக்குறுவார்கள். வால்வு திறந்திருக்கும்போது சுவாலையை மட்டும் அணைத்தால், கேஸ் ஷெட்டுக்குள் தேங்கி எங்கோ ஒரு பொறியில் மொத்தமாக வெடிக்கும். எரிந்துகொண்டிருப்பதே அதைவிட மேல்.

கேன்டீனில் இன்னொரு சிக்கல் உண்டு. இங்கே வகுப்பு எஃப் என்றாலும் கடைக்காரர்கள் விற்பது ‘கே டைப்’ என்ற பெயரில்தான். சிலிண்டரில் எது அச்சாகியிருக்கிறதோ அதையே உங்கள் தாளிலும் போடுங்கள்.

பயன்படுத்தும் முறைக்கு ஆங்கிலத்தில் ‘பாஸ்’ என்று நாலு எழுத்துச் சுருக்கம் வைத்திருக்கிறார்கள். தமிழிலும் அப்படி ஒன்று கட்டலாமா?

வேண்டாம். சுருக்கத்துக்காகச் சொல்லை வளைத்தால் படி கெட்டுப்போகும். நாலு படம், நாலு வரி போதும்:

1. வளையத்தைத் திருகி இழுங்கள்.
2. குழாய் முனையை எரிகிற பொருளின் அடிக்குக் காட்டுங்கள்.
3. மேல் பிடியை அழுத்துங்கள்.
4. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசிக்கொண்டே முன்னேறுங்கள்.

‘பின்னை இழுங்கள்’ என்று எழுதினால் பின்பக்கம் இழுக்கச் சொல்வதாகப் படிக்கிறவர்கள் உண்டு. கண்ணுக்குத் தெரிவது வளையம், கை பிடிப்பதும் வளையம். அதையே சொல்லுங்கள். இந்த முதல் படியில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பதற்றத்தில் ஒரு கையால் பிடியை இறுக்கிக்கொண்டே மறு கையால் வளையத்தை இழுப்பார்கள். பிடி அழுந்தியிருந்தால் பின் அதற்குள் கவ்விக்கொள்ளும், எவ்வளவு இழுத்தாலும் வராது. சிலிண்டர் ரிப்பேர் என்று போட்டுவிட்டு ஓடுவார்கள். எனவே முதல் படத்தில் சிலிண்டரைத் தரையில் வைத்து, கழுத்தைப் பிடித்துக்கொண்டு வளையத்தை இழுக்கிற மாதிரி வரையச் சொல்லுங்கள். கூடவே ‘பிடியை இன்னும் அழுத்த வேண்டாம்’ என்று ஒரு வரி.

எவ்வளவு தூரத்திலிருந்து என்பதையும் எழுதுங்கள். பவுடருக்கு இரண்டு மூன்று மீட்டரில் தொடங்கலாம். ‘மூன்று நாலு காலடி தள்ளி’ என்றால் இன்னும் சுலபம், யாரும் மீட்டர் போட்டுப் பார்க்கப் போவதில்லை. கையில் தூக்குகிற சிலிண்டர் அரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும், சிறியது அதற்கும் முன்னால். ‘ஒரு சிலிண்டர் தீர்ந்தும் அணையவில்லை என்றால் வெளியேறுங்கள்’ என்பதை ஐந்தாவது வரியாகவே சேர்த்துவிடுங்கள். வாசல் முதுகுப் பக்கம் இருக்கட்டும். திறந்தவெளி யார்டில் காற்று முதுகுப் பக்கம் இருக்கட்டும். தை, மாசியில் கணவாய்க் காற்று வீசுகிற ஊரில் இது சும்மா சொல்கிற வரி அல்ல. எதிர்க்காற்றில் அடித்தால் பவுடர் முழுக்க அடித்தவர் முகத்துக்கே திரும்பி வரும்.

எங்களிடம் பழைய பவுடர் சிலிண்டரும் இருக்கிறது. அதற்கும் இதே நாலு படியா?

இல்லை. இதை நெட் அட்டவணைகள் பெரும்பாலும் சொல்லாது. உள்ளே சின்ன கேஸ் கார்ட்ரிஜ் வைத்த வகை அது. அழுத்தம் காட்டுகிற மீட்டர் இருக்காது, தலையில் ஒரு குமிழ் இருக்கும். கிளிப்பை எடுத்துவிட்டு அந்தக் குமிழை ஓங்கித் தட்டினால் கார்ட்ரிஜ் ஓட்டையாகி உள்ளே அழுத்தம் ஏறும், அதன் பிறகுதான் பவுடர் வரும். குமிழைத் தட்டாமல் எவ்வளவு நேரம் காட்டினாலும் ஒன்றும் வராது.

இரண்டு வகையும் இருக்கிற பட்டறையில் பொதுவான ஒரு ‘பயன்படுத்தும் முறை’ ஒட்டுவது ஆபத்து. பெரிய அட்டவணை வாசலில் இருக்கட்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் மேலே அதற்கு மட்டுமான சின்ன அட்டை மாட்டுங்கள்.

சிஓடூவுக்குத் தனியாக என்ன எழுத வேண்டும்?

மூன்று விஷயம். பீச்சும்போது அந்தக் கறுப்புக் கொம்பு உறைபனிக்கும் கீழே குளிர்ந்துவிடும், வெறுங்கையால் பிடித்தால் தோல் ஒட்டிக்கொண்டு புண்ணாகும். ‘கொம்பைப் பிடிக்கக்கூடாது, கைப்பிடியை மட்டும் பிடியுங்கள்.’ அடுத்து, பேனல் அறை மாதிரிச் சின்ன மூடிய இடத்தில் அடித்தால் மூச்சு முட்டும்: ‘அடித்ததும் வெளியே வந்துவிடுங்கள்.’ மூன்றாவது, வாயு கலைந்ததும் சூடாக இருக்கிற பொருள் மறுபடி பற்றலாம், ஆகவே தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

‘மீட்டர் முள் பச்சையில் இருக்கிறதா பாருங்கள்’ என்ற வரியை சிஓடூ அட்டையில் போட்டுவிடாதீர்கள். அதற்கு மீட்டரே கிடையாது. எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும், அது மெயின்டனன்ஸ்காரர் வேலை.

‘பயன்படுத்தாதீர்கள்’, ‘பயன்படுத்தக்கூடாது’, ‘பயன்படுத்த வேண்டாம்’: எது நல்லது?

எதுவாக இருந்தாலும் வரியின் கடைசியில் வருவதுதான் பிரச்சினை. ‘மின்சாரத் தீயில் தண்ணீர் பயன்படுத்தக்கூடாது’ என்பதை அவசரத்தில் ‘மின்சாரத் தீயில் தண்ணீர்’ வரைக்கும்தான் கண் படிக்கும். இடம் போதாமல் வரி மடங்கினால் ‘கூடாது’ கீழ் வரிக்குப் போய்விடும். அதனால்தான் மேலே மாதிரியில் ‘கூடாது:’ என்பதை முன்னால் வைத்தேன். பக்கத்தில் சிவப்பில் பெருக்கல் குறி போடுங்கள். பேச்சுத் தமிழில்கூட நாம் ‘வேண்டாம் வேண்டாம், தண்ணி ஊத்தாதே’ என்றுதான் கத்துகிறோம்.

எங்களிடம் வீட்டில் தமிழ் பேசினாலும் மலையாளத்தில் படித்தவர்கள் நிறைய பேர். அவர்களுக்கு?

அவர்களுக்குத் தமிழ் எழுத்து ஓடாது. இடம் எதுவோ அதற்கேற்ப மலையாளத் தாள் ஒன்றும், வடநாட்டு ஆட்கள் இருந்தால் இந்தித் தாளும் பக்கத்திலேயே இருக்கட்டும். ஆனால் ஒரே தாளில் மூன்று மொழியையும் நெருக்காதீர்கள், எழுத்து எறும்பு மாதிரி ஆகிவிடும். படம், நிறம், வரிசை மூன்றிலும் ஒன்றாகவே இருந்தால் போதும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 108-ஆவது பிரிவே, சட்டப்படி ஒட்ட வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், பெரும்பான்மைத் தொழிலாளருக்குப் புரிகிற மொழியிலும் இருக்க வேண்டும் என்றுதான் சொன்னது. கேரளத்தில் இருக்கிறோம், தமிழில் ஒட்டலாமா என்று தயங்க வேண்டியதில்லை.

கீழே போன் நம்பர் 101 என்று போட்டால் போதும்தானே?

எல்லையோரத்தில் போதாது. வாளையாரை ஒட்டிய இடங்களில் போன் சில நேரம் தமிழ்நாட்டு டவரைப் பிடிக்கும், அப்போது அழைப்பு கோவைப் பக்கம் போகலாம். 101, 112 இரண்டோடு பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தின் நேரடி எண்ணை 0491 சேர்த்து எழுதுங்கள். அந்த எண்ணுக்கு ஒருமுறை நீங்களே கூப்பிட்டு உறுதி செய்துகொண்டு அச்சடியுங்கள். ‘நாங்கள் இருப்பது’ என்று தொடங்கி, பட்டறைப் பெயர், ரோடு, அடையாளம் எல்லாவற்றையும் அதன் கீழேயே எழுதிவிட்டால் பதறுகிறவர் அதைப் பார்த்துப் படித்துவிடலாம்.

பிளக்ஸ் கடையில் கொடுத்தால் எழுத்து உடைந்து வருகிறதே?

அவர்கள் பழைய ஃபான்டில் மறுபடி அடிப்பதால் கொம்பும் காலும் இடம் மாறும், சில நேரம் ‘கூடாது’ என்பதே ‘கடாது’ ஆகும். எழுத்துகளைப் படமாக மாற்றி, பிடிஎஃப் ஆகக் கொடுங்கள், அடிப்பதற்கு முன் ஒரு தாளில் எடுத்துச் சரிபாருங்கள்.

தமிழ் சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆங்கில மூலத்தைப் பார்க்காத ஒருவரை, முடிந்தால் நைட் ஷிப்ட் ஆளை, அட்டவணை முன்னால் நிறுத்துங்கள். ‘புரிகிறதா’ என்று கேட்காதீர்கள், எல்லாரும் புரிகிறது என்றுதான் சொல்வார்கள். ‘அண்ணா, பாலிஷ் மெஷின் அடியில பத்திக்கிச்சு, எதை எடுப்பீங்க?’ என்று கேட்டு, அவர் நடந்து போய் எந்தச் சிலிண்டரைத் தொடுகிறார் என்று பாருங்கள். ஏபிசியைத் தொட்டால் அந்த வரியைத் திருத்த வேண்டும். சரியானதைத் தேடி நின்றுவிட்டால் சொல் சரி, சிலிண்டர் இடம் தப்பு. ரீஃபில்லுக்குப் போகவிருக்கிற சிலிண்டர்களை வீணாகக் காலி செய்யாமல் யார்டில் அவர்கள் கையிலேயே கொடுத்து அடிக்கச் சொல்லுங்கள். வளையம் மாட்டிக்கொள்வது, குமிழைத் தட்ட மறப்பது, எதிர்க்காற்றில் நிற்பது எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். அதற்கேற்ப வரிகளை மாற்றி, அதன் பிறகு பிளக்ஸுக்குக் கொடுங்கள்.